ஓ.டி. லிமிட்டைக் கூட்டக் கடிதம்: விற்பனைக் கணக்கே காலை வாரும் இடங்கள்

"கடந்த ஆறு மாதத்தில் எங்கள் விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. எனவே எங்கள் ஓவர்டிராஃப்ட் லிமிட்டை 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

வங்கிக்குப் போகும் கடிதங்களில் பல இப்படித்தான் இருக்கும். படிக்க மரியாதையாக இருக்கிறது, பிழையும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு "எனவே" நிற்கிறது. விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூடினால் கடன் ஏன் இரண்டு மடங்காக வேண்டும்? கடன் பிரிவில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி அது. கடிதத்தில் பதில் இல்லாவிட்டால் அவரே ஒரு பதிலை ஊகித்துக்கொள்வார், அது பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இருக்காது.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். அட்டைப்பெட்டி செய்து மற்ற நிறுவனங்களுக்கு விற்கும் ஒரு சிறு தொழில். போன வருடம் இதே ஆறு மாதத்தில் மாதம் சராசரி 12 லட்சம் விற்பனை, மொத்தம் 72 லட்சம். இந்த வருடம் மாதம் 16 லட்சம், மொத்தம் 96 லட்சம். ஓ.டி. லிமிட் 10 லட்சம்.

முதல் சறுக்கல், விற்பனை எது என்பதிலேயே வருகிறது. வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, வரவுப் பக்கத்தைக் கூட்டி, "எங்கள் டேர்ன்ஓவர் 118 லட்சம்" என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டல் சரிதான், ஆனால் அது விற்பனை இல்லை. நம் உதாரணத்தில் அந்த 118 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால், 12 லட்சம் உரிமையாளரின் இன்னொரு கணக்கிலிருந்து இங்கே மாற்றிய பணம். 5 லட்சம் ஒரு டேர்ம் லோனில் வந்தது. 3 லட்சம், போட்டு மறுநாளே திரும்பிப்போன செக்குகள். அவை வரவிலும் ஏறும், பற்றிலும் ஏறும். வாடிக்கையாளர்களிடமிருந்து உண்மையில் வந்தது 98 லட்சம்.

அப்போது விற்பனை 98 லட்சமா? அதுவும் இல்லை. 96 லட்சம் விற்பனைக்கு மேல் 10 சதவீதம் வரி வாங்கியதாக வைத்துக்கொண்டால், பில் போட்ட தொகை 105.6 லட்சம். இந்த ஆறு மாதத்தில் வர வேண்டிய பாக்கி 7.6 லட்சம் கூடியிருக்கிறது. பில் தொகையில் அதைக் கழித்தால் 98 லட்சம் வந்துவிடும். இந்த நான்கைந்து வரிக் கணக்கைக் கடிதத்தோடு ஒரு தனித் தாளில் இணைப்பது நல்லது. வங்கிக்காரர் கையில் உங்கள் ஸ்டேட்மென்ட் இருக்கிறது, வரிக்குத் தாக்கல் செய்த விற்பனையையும் அவர் கேட்பார். இரண்டும் உங்கள் கடிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால், மீதி எல்லா எண்களையும் அவர் சந்தேகக் கண்ணோடுதான் படிப்பார். 118 என்று பெரிதாகக் காட்டுவதைவிட, "96, அது இப்படி 98 ஆக வங்கிக்கு வந்தது" என்று சொல்வதில்தான் பலம் அதிகம்.

இன்னொன்று, மாதங்களைப் பொறுக்கி எடுக்கும் பழக்கம். நல்ல மூன்று மாதத்தை மட்டும் காட்டி, அதை நான்கால் பெருக்கி "ஆண்டு விற்பனை" என்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தொடர்ந்து வரும் மாதங்களைக் கொடுங்கள், போன வருடத்தின் அதே மாதங்களைப் பக்கத்தில் வையுங்கள், நடுவில் ஒரு மாதம் சரிந்திருந்தால் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

சரி, எவ்வளவு கேட்பது? பெரிய தவறு நடப்பது இங்கேதான். நிறையப் பேர் ஒரு முழு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, வங்கி எப்படியும் குறைக்கும் என்று கொஞ்சம் ஏற்றிக் கேட்கிறார்கள், காய்கறிக் கடையில் பேரம் பேசுவது போல. ஆனால் விற்பனை எவ்வளவு என்பதோடு, பணம் எத்தனை நாள் வெளியில் சிக்கியிருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் வங்கி லிமிட்டைக் கணக்கிடும்.

நம் அட்டைப்பெட்டிக்காரரின் நாட்களைப் பார்ப்போம். காகிதமும் செய்து முடித்த பெட்டிகளுமாகச் சரக்கு 30 நாள் நிற்கிறது. விற்ற பிறகு பணம் வர 45 நாள். காகிதம் கொடுப்பவருக்கு இவர் 30 நாளில் பணம் கட்டுகிறார். 100க்கு விற்கும் பெட்டிக்கு அடக்கச் செலவு 80, அதில் காகிதம் மட்டும் 60.

மாதம் 12 லட்சம் விற்றபோது அடக்கம் 9.6 லட்சம். சரக்கில் 9.6 லட்சம், பாக்கியில் அடக்க விலைப்படி 14.4 லட்சம் சிக்கியிருந்தது. காகிதக்காரர் கடனாக விட்டுவைத்தது 7.2 லட்சம். ஆக, வேண்டியிருந்த பணம் 16.8 லட்சம். உரிமையாளரின் சொந்தப் பணம் 8 லட்சம் போக, வங்கியிலிருந்து தேவைப்பட்டது 8.8 லட்சம். 10 லட்சம் லிமிட்டுக்குள் வசதியாக ஓடியது.

இப்போது மாதம் 16 லட்சம். அதே நாட்கள், அதே விகிதம். சரக்கில் 12.8, பாக்கியில் 19.2, காகிதக்காரர் தருவது 9.6. தேவை 22.4 லட்சம். சொந்தப் பணம் அதே 8 லட்சம் என்றால், வங்கியிலிருந்து வேண்டியது 14.4 லட்சம்.

விற்பனை மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. வங்கிப் பணத்தின் தேவையோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. காரணம், வளர்ச்சியின் முழுச் சுமையும் ஓ.டி. மேல் விழுந்தது, சொந்தப் பணம் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கடிதத்தில் அந்த "எனவே"க்குப் பதிலாக எழுத வேண்டிய வாதம் இதுதான். தொழில் நடத்துபவர்களில் பலர் இதை உடம்பால் உணர்ந்திருப்பார்கள், விற்பனை ஏறியபோதுதான் கையில் காசே இல்லாமல் தவித்திருப்பார்கள். ஆனால் எழுத உட்காரும்போது சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் 20 லட்சம் கேட்டால் என்ன குற்றம்? அந்த எண் எப்போது வரும் என்று பாருங்கள். பாக்கி 45 நாளிலிருந்து 60 நாளாக நீண்டால் பாக்கியில் சிக்கும் பணம் 25.6 லட்சமாகும், வங்கித் தேவை 20.8 லட்சத்தைத் தொடும். அதாவது காரணம் சொல்லாமல் 20 லட்சம் கேட்பவரைப் பார்த்து, "இவருக்கு வசூல் இழுக்கிறது போலிருக்கிறது" என்று கடன் அதிகாரி நினைக்க எல்லா நியாயமும் உண்டு. உண்மையிலேயே வசூல் இழுத்தால், லிமிட்டைக் கூட்டுவது அதற்கு மருந்தல்ல. பொதுவாக 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கி கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதனால் பாக்கிப் பட்டியலை 30 நாளுக்குள், 60 நாளுக்குள், 90 நாளுக்குள், அதற்கு மேல் என்று வயதுவாரியாகப் பிரித்து இணையுங்கள். பழைய பாக்கி இருந்தால் மறைக்காதீர்கள்.

இந்தக் கணக்கில் ஒரு சங்கடமான கேள்வியும் ஒளிந்திருக்கிறது. விற்பனை இவ்வளவு கூடியிருந்தால் லாபமும் வந்திருக்க வேண்டுமே, சொந்தப் பணம் ஏன் 8 லட்சத்திலேயே நிற்கிறது? லாபத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்திருக்கலாம், பழைய கடனை அடைத்திருக்கலாம். எதுவானாலும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 2 லட்சம் லாபத்தைத் தொழிலிலேயே விட்டுவைக்க முடிந்தால் தேவை 12.4 லட்சமாக இறங்கும், கேட்கும் தொகையும் சிறிதாகும். "இதில் எங்கள் பங்கு இவ்வளவு" என்று எழுதும் கடிதத்துக்கு இருக்கும் எடை, முழுவதையும் வங்கியிடமே கேட்கும் கடிதத்துக்கு இருக்காது.

அடுத்து, கணக்கு எப்படி ஓடியிருக்கிறது என்பது. எழுதுவதற்கு முன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ஒவ்வொரு மாதமும் ஓ.டி. பாக்கி எவ்வளவு ஏறியது, எவ்வளவு கீழே இறங்கியது என்று குறித்துப் பாருங்கள். 3 லட்சத்துக்கும் 9.5 லட்சத்துக்கும் நடுவே ஏறி இறங்கினால் கணக்கு மூச்சு விடுகிறது என்று அர்த்தம். எந்த மாதமும் 7 லட்சத்துக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால், அந்த 7 லட்சம் உறைந்துவிட்டது. பெரும்பாலும் ஓ.டி. பணத்தில் இயந்திரமோ வண்டியோ வாங்கியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இதைக் கவனிக்காமல் லிமிட் கேட்கப் போய், உறைந்த தொகையைத் தவணைக் கடனாக மாற்றிக் கட்டுங்கள் என்ற பதிலோடு திரும்பி வந்தார். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. இந்த நிலை இருந்தால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்குப் போன பகுதியை டேர்ம் லோனாகவும், மீதித் தேவையை ஓ.டி.யாகவும் ஒரே கடிதத்தில் பிரித்துக் கேளுங்கள்.

லிமிட்டைத் தாண்டிய நாட்களும், பணமில்லாமல் திரும்பிய நம் செக்குகளும் இருந்தால் அவற்றைப் பற்றி மௌனம் வேண்டாம். அவை வங்கியின் திரையில் ஏற்கெனவே இருக்கின்றன. எந்தத் தேதி, எவ்வளவு, யாருடைய பணம் தாமதமானதால், எத்தனை நாளில் சரியானது என்று எழுதினால் போதும். மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை.

இவ்வளவும் சேர்ந்தால் கடிதத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி வரும்:

"கடந்த ஆறு மாதங்களில் வரி நீங்கலாக எங்கள் விற்பனை 96 லட்சம், சென்ற ஆண்டு இதே மாதங்களில் 72 லட்சம். மாதவாரி விவரமும் வங்கி வரவோடு ஒப்பிட்ட கணக்கும் இணைப்பில் உள்ளன. சரக்கு 30 நாள், வசூல் 45 நாள், கொள்முதல் கடன் 30 நாள் என்பதில் மாற்றமில்லை. இதன்படி எங்கள் நடைமுறை மூலதனத் தேவை 22.4 லட்சம். இதில் 8 லட்சம் எங்களுடையது. மீதிக்காக, தற்போதைய 10 லட்சம் லிமிட்டை 15 லட்சமாக உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். லிமிட் இருமுறை தாண்டப்பட்டது, அதன் விவரமும் இணைப்பில் உள்ளது."

இதற்குப் பிறகு என்ன ஈடு தர முடியும் என்பது ஒரு வரி, தொடர்புக்கு யார் என்பது ஒரு வரி. ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எண்கள் இணைப்பில் இருக்கட்டும். நிறுவனத்தின் வரலாறு, உரிமையாளரின் உழைப்பு இதெல்லாம் அந்த மேஜையில் யாரும் படிப்பதில்லை.

15 என்று எழுதியதற்குக் காரணம், 14.4 ஒரு சராசரி. சில நாட்களில் அதைத் தாண்டும், கொஞ்சம் இடம் வேண்டும். ஆனால் வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் ஆர்டர் குவிந்து 19 லட்சம் வரை போகும் என்றால், அதற்காக நிரந்தர லிமிட்டை 20 ஆகக் கேட்காதீர்கள். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் 4 லட்சம் தற்காலிக லிமிட் என்று, தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்டுத் தனியாகக் கேளுங்கள். அதுவும் அந்த மாதங்கள் வருவதற்கு ஆறேழு வாரம் முன்பாக. லிமிட் முட்டி, செக் திரும்பிய மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால், அதே எண்கள் வேறு மாதிரி படிக்கப்படும்.