‘ஒரே வேலைதானே, அவருக்கு மட்டும் ஏன் அதிகம்?’ – மேனேஜர்கள் பதிலில் சறுக்கும் இடங்கள்

நாலு வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கும் ஒரு கணக்காளர் உங்கள் அறைக்கு வருகிறார். ஆறு மாதம் முன்பு அதே பதவியில் சேர்ந்தவருக்குத் தன்னைவிட அதிகச் சம்பளம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “ஒரே வேலைதானே செய்கிறோம், ஏன் இப்படி?” என்கிறார். இந்த மாதிரி கேள்விகளில் அதிகம் வருவது இதுதான்: பழையவருக்குக் குறைவு, புதியவருக்கு அதிகம். அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பெரும்பாலான மேனேஜர்களின் வாயில் முதலில் வருவது, “உங்களுக்கு யார் சொன்னது?” என்பது. கேட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கேள்வி இது. இதற்கு அடுத்து “சம்பளத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று விதி இருக்கிறதே” என்று வந்தால் சட்டச் சிக்கலும் சேரும். அமெரிக்காவில் தனியார் துறை ஊழியர்களில் பெரும்பாலோர் தங்கள் சம்பளத்தைத் தங்களுக்குள் பேசிக்கொள்வதை 1935-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டமே பாதுகாக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை விதிகளின்படி, அதே வேலை செய்கிறவர்களின் சராசரிச் சம்பளம் ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று ஊழியர் எழுத்தில் கேட்டுப் பெறலாம். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் ‘ரகசியம்’ என்ற சொல்லை எடுக்க வேண்டாம். எப்படித் தெரிந்தது என்பதால் சம்பள வித்தியாசம் மாறப்போவதும் இல்லை.

இரண்டாவது சறுக்கல்தான் பெரியது: அந்த இடத்திலேயே ஒரு காரணத்தை உண்டாக்கிச் சொல்வது. “அவருக்கு அனுபவம் அதிகம்” என்று சொல்லிவிடுகிறீர்கள். கேட்டவர் வெளியே போய் விசாரிக்கிறார். புதியவருக்கு இவரைவிட ஒரு வருஷ அனுபவம் குறைவு. அடுத்த வாரம் ஹெச்.ஆர். வேறொரு காரணம் சொல்கிறது. இரண்டு காரணமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால், உண்மையான காரணம் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். புகார், வழக்கு என்று போனால் அன்று நீங்கள் வாய்க்கு வந்தபடி சொன்ன வரியும் அங்கே எடுத்துப் பேசப்படும்.

அதனால் முதல் சந்திப்பில் பதிலே சொல்ல வேண்டாம். இவ்வளவு போதும்: “நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இன்னொருவர் சம்பளத்தை நான் உங்களிடம் விவாதிக்க முடியாது. உங்கள் சம்பளம் எப்படி முடிவானது, இந்தப் பதவியின் வரம்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அடுத்த வியாழக்கிழமை உட்கார்ந்து பேசுகிறேன்.” இதில் நாள் முக்கியம். ‘பார்க்கிறேன்’ என்று மட்டும் சொன்னால் மறுத்துவிட்டதாகத்தான் கேட்டவர் எடுத்துக்கொள்வார்.

அந்த வியாழக்கிழமைக்குள் என்ன பார்ப்பது? முதலில், இருவரும் நிஜமாகவே ஒரே வேலைதான் செய்கிறார்களா என்று பாருங்கள். பதவிப் பெயர் ஒன்றாக இருந்து ஒருவர் இரவு ஷிப்டோ, கூடுதல் கையெழுத்துப் பொறுப்போ வைத்திருக்கலாம். பெயர் வேறாக இருந்து வேலை ஒன்றாகவும் இருக்கலாம். அடுத்து, ஒப்பிடுவது எதை எதோடு? ஒருவர் கையில் வரும் தொகையைச் சொல்லியிருப்பார், இன்னொருவர் படிகள் எல்லாம் சேர்த்த மொத்தத்தைச் சொல்லியிருப்பார். பாதிக் குழப்பம் சில சமயம் இங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் இருவரின் ஆஃபர் லெட்டர், இன்கிரிமென்ட் வரலாறு, அந்தப் பதவிக்கான சம்பள வரம்பு மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

நம் கணக்காளர் மாதம் 30,000-க்குச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 5% வீதம் நாலு இன்கிரிமென்ட். இப்போது சுமார் 36,465. இதே காலத்தில் வெளிச்சந்தை அதைவிட வேகமாக ஏறிவிட்டது. காலியிடத்துக்கு ஆள் கிடைக்காமல் புதியவரை 42,000-க்கு எடுத்தார்கள். பதவியின் வரம்பு 32,000 முதல் 48,000 வரை. நடுப்புள்ளி 40,000. பழையவர் அதற்குக் கீழே, புதியவர் அதற்கு மேலே. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. புதியவர் சந்தை விலையில் உள்ளே வருகிறார். பழையவர் உள்ளே இருக்கும் சதவீதத்தில் நகர்கிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் திறமையை வைத்து இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

இங்கே வரும் அடுத்த தவறு, “அடுத்த அப்ரைசலில் சரியாகிவிடும்” என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவருக்கும் அதே 5% கொடுத்தால் பழையவர் 38,288, புதியவர் 44,100. இன்று 5,535 ஆக இருக்கும் இடைவெளி 5,812 ஆகிவிடும். ஒரே சதவீதம் இடைவெளியை மூடாது, விரிக்கத்தான் செய்யும். மூட வேண்டுமென்றால் வழக்கமான இன்கிரிமென்ட்டுக்கு வெளியே தனியாக ஒரு சம்பளத் திருத்தம் வேண்டும். இந்தக் கணக்கில் முழுதாகச் சமன் செய்ய சுமார் 15%. அதை ஒரே தவணையில் தரலாம், இரண்டாகப் பிரித்தும் தரலாம். அந்த அதிகாரம் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது. எனவே எண்ணையோ மாதத்தையோ வாக்காகக் கொடுக்க வேண்டாம். “திருத்தம் கேட்டு நான் எழுதியிருக்கிறேன், முடிவெடுப்பவர் இன்னார், இந்தத் தேதிக்குள் பதில் வரும்” என்பதுவரை சொல்லலாம்.

“அவர் பேரம் பேசினார், நீங்கள் பேசவில்லை” என்ற பதிலைச் சிலர் நேர்மை என்று நினைத்துச் சொல்கிறார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்டவர் காதில் அது, ‘இங்கே வேலைக்குச் சம்பளம் இல்லை, அடம்பிடிப்பதற்குத்தான்’ என்று விழும். மறுநாளே வெளியில் ஓர் ஆஃபர் வாங்கி வந்து உங்கள் மேசையில் வைப்பார். “அவருக்குக் குடும்பம் இருக்கிறது”, “முந்தைய கம்பெனியிலேயே அவருக்கு அதிகம்” என்பவையும் இதே ரகம். அவை அந்த மனிதரைப் பற்றியவை, வேலையைப் பற்றியவை அல்ல. கேட்பவர் பெண்ணாகவும் ஒப்பிடப்படுபவர் ஆணாகவும் இருந்தால் இவற்றில் எதையும் சொல்லாமல், சந்திப்பு முடிந்த அன்றே ஹெச்.ஆர்.க்கு எழுத்தில் தெரிவியுங்கள். அங்கே அது சமச் சம்பளச் சட்டத்தின் கேள்வி ஆகிறது. புதியவரின் சம்பளத்தைக் குறைத்துச் சமன் செய்யலாம் என்ற யோசனையும் அப்போது எழும். அமெரிக்காவின் 1963-ஆம் ஆண்டுச் சமச் சம்பளச் சட்டம் அதை வெளிப்படையாகவே தடுக்கிறது.

வித்தியாசத்துக்கு வலுவான காரணம் இருந்தால் அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லலாம், ஆனால் அடுத்தவரைப் பற்றிய செய்தியாக அல்ல. “இந்தப் பதவியில் தணிக்கைச் சான்றிதழ் இருந்தால் வரம்பின் மேல்பாதியில் வைக்கிறோம், உங்களிடம் அது இல்லை, வாங்கினால் மறுபரிசீலனை செய்வோம்” என்றால் அவருக்கு ஒரு வழி தெரிகிறது. ஒரு நிபந்தனை: அந்த விதி இந்தக் கேள்வி வருவதற்கு முன்பே எழுத்தில் இருந்திருக்க வேண்டும், சான்றிதழ் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அப்படியே பொருந்தியிருக்க வேண்டும். கேள்வி வந்தபின் தேடிப்பிடித்த விதியைக் கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. அதே சான்றிதழோடு கீழ்ப்பாதியில் இருக்கும் ஒருவர் அடுத்த மேசையிலேயே உட்கார்ந்திருப்பார்.

வியாழக்கிழமை பேசி முடித்ததும் நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: அவர் கேட்டது, நீங்கள் பார்த்தவை, இப்போது சொல்ல முடிந்த பதில், அடுத்த தேதி. மேலிடம் மறுத்துவிட்டாலும் அந்தத் தேதியில் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ‘பட்ஜெட் இல்லை’ என்று மட்டும் சொன்னால், ஆறு மாதம் முன்பு 42,000-க்கு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்பார். “இந்த வருஷம் திருத்தத்துக்கு ஒதுக்கிய தொகை முடிந்துவிட்டது, உங்கள் பெயர் அடுத்த பட்டியலுக்கு எழுத்தில் போயிருக்கிறது, அது பரிசீலனைக்கு வரும் மாதம் இது” என்றால், இருப்பதா போவதா என்பதை அவர் விவரம் தெரிந்து முடிவு செய்யலாம்.