நெல் வாங்கும்போது கிலோ விலையை மட்டும் பார்க்காதீர்கள்: ஆலைக்காரருக்கான படிப்படியான கணக்கு

காலபோக அறுவடை தொடங்கியதும் வன்னியில் ஆலை வைத்திருக்கிறவர்களின் தொலைபேசி ஓயாது. ஒருவர் கிலோ 110 ரூபா என்பார், இன்னொருவர் 118 என்பார். 8 ரூபா வித்தியாசம் என்றால் 10 தொன்னுக்கு 80,000 ரூபா. கை தானாகவே மலிந்த பக்கம் போகும். ஆனால் ஆலைக்காரர் விற்பது அரிசி. ஒரு கிலோ நல்ல அரிசி கைக்கு வரும்வரை எவ்வளவு செலவாகிறது என்பதுதான் அவருடைய உண்மையான கொள்வனவு விலை. கொள்முதல் செய்கிறவர்கள் இதை மொத்த உடைமைச் செலவு என்பார்கள்.

பரந்தன் பக்கத்தில் பச்சையரிசி குற்றும் சிறிய ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 தொன் நெல் வேண்டும். வியாபாரி ஒருவர் 110 ரூபாவுக்கு ஆலை வாசலிலேயே கொண்டுவந்து இறக்குகிறார், ஒரு மாதம் கடனும் தருகிறார். முத்தையன்கட்டுப் பக்கத்துக் கமக்காரர் அமைப்பு ஒன்று காயவைத்த நெல்லை 118 ரூபாவுக்குக் கொடுக்கிறது. லொறியை நாம்தான் ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக அனுப்ப வேண்டும், காசும் உடனே கொடுக்க வேண்டும். விலைகள் கணக்கைக் காட்டுவதற்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இரண்டு நெல்லையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்

வெட்டு மெசினில் இருந்து நேராக வருகிற நெல்லில் ஈரம் அதிகம். களஞ்சியத்தில் வைக்கவும் குற்றவும் 14 சதவீதம்தான் பொதுவான அளவு. அதற்கு மேலே உள்ள ஈரம் நீங்கள் நெல் விலைக்கு வாங்கிய தண்ணீர்.

ஈரத்தைப் பல்லால் கடித்துப் பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. காய்ந்ததா, ஈரமா என்று அது சொல்லும். 15க்கும் 17க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாது. ஈரமானி ஒன்று வாங்குங்கள், முடியாவிட்டால் இரவலாவது எடுங்கள். மாதிரி எடுக்கும் மூடைகளை விற்கிறவர் தெரிவு செய்ய விடாதீர்கள். லொறியின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் மூடைக்குள் குத்தூசி விட்டு எடுத்து, ஒன்றாகக் கலந்து அளக்க வேண்டும். அதே கலவையில் ஒரு கிலோவை நிறுத்து, சுளகில் புடைத்து, பதரையும் கல்லையும் நீக்கி மறுபடி நிறுத்தால் கழிவு வீதம் தெரிந்துவிடும்.

நம் உதாரணத்தில் வியாபாரியின் நெல்லில் ஈரம் 18 சதவீதம், கழிவு 3 சதவீதம். அமைப்பின் நெல்லில் ஈரம் 14, கழிவு 1.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 18இல் இருந்து 14 போனால் 4 சதவீத நட்டம் என்று கழித்துவிடுவார்கள். அப்படி இல்லை. காயும்போது நெல்லின் மொத்த எடையும் குறைகிறது. மாறாமல் இருப்பது ஈரம் போக மீதியுள்ள பொருள் மட்டும். அதனால் கணக்கு இப்படி வரும்:

```
காய்ந்த எடை = சுத்த எடை × (100 − வந்த ஈரம்) ÷ (100 − 14)
```

வியாபாரியின் 10,000 கிலோவில் கழிவு போக 9,700. அதை 82 ஆல் பெருக்கி 86 ஆல் வகுத்தால் 9,249 கிலோ. நான்கு வீதம் கழித்திருந்தால் 9,312 என்று வந்திருக்கும். 63 கிலோ இல்லாத நெல்லைக் கணக்கில் வைத்திருப்பீர்கள். அமைப்பின் நெல்லில் 9,900 கிலோ அப்படியே நிற்கும்.

படி 2: வாசலுக்கு வந்து காயும்வரை உள்ள செலவைச் சேருங்கள்

இரண்டு பேருக்கும் ஒரே அளவாக வருகிற செலவை, உதாரணமாக இறக்குகூலியையும் குற்றும் மின்சாரத்தையும், விட்டுவிடலாம். வித்தியாசப்படுவதை மட்டும் எழுதுங்கள்.

வியாபாரியின் நெல்லைப் படங்கில் காயவைத்து, கிளறி, அள்ளுவதற்குக் கூலி 20,000 ரூபா. மொத்தம் 11,20,000. அமைப்பின் நெல்லுக்கு லொறி வாடகை 15,000. காசை ஒரு மாதம் முந்திக் கொடுப்பதால் மாதம் ஒன்றரை வீத வட்டி என்று வைத்தால் இன்னும் 17,700. மொத்தம் 12,12,700.

வட்டியை எழுதாமல் விடாதீர்கள். கடன் கொடுக்கிற வியாபாரி உங்களுக்கு உண்மையான ஒரு உதவியைச் செய்கிறார், அதற்குரிய மதிப்பு அவர் பக்கம் சேர வேண்டும். இதுவரை பார்த்தால் காய்ந்த சுத்த நெல் ஒரு கிலோ வியாபாரியிடம் சுமார் 121 ரூபா, அமைப்பிடம் சுமார் 122 ரூபா 50 சதம். 8 ரூபா இடைவெளி ஒன்றரை ரூபாவாகச் சுருங்கிவிட்டது, ஆனாலும் வியாபாரியே இன்னும் மலிவு. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள்.

படி 3: குற்றிப் பாருங்கள்

முழு அரிசிக்கும் குறுணலுக்கும் சந்தையில் ஒரே விலை இல்லை. அதனால் நெல்லின் தரம் ஆலைக்குள் போன பிறகுதான் காசாகத் தெரியும். கடும் வெயிலில் அவசரமாகக் காய்ந்த நெல்லும், காய்ந்த பிறகு இரவுப் பனியில் கிடந்து மறுபடி ஈரம் குடித்த நெல்லும் உள்ளே வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. சில மணிகளை உமி நீக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரியும். அப்படிப்பட்ட மணி உருளையில் உடையும்.

ஒவ்வொருவரிடமும் இருந்து 100 கிலோ வாங்கி, உங்கள் முற்றத்தில் நீங்கள் வழக்கமாகக் காயவைக்கிற முறையில் 14க்குக் கொண்டுவந்து, ஒரே ஆலையில், ஒரே ஆளைக்கொண்டு குற்றுங்கள். ஈரம் வேறுவேறாக இருக்கும்போது குற்றி ஒப்பிட்டால் அந்தச் சோதனை பயன்படாது.

உதாரணத்தில் வியாபாரியின் காய்ந்த சுத்த நெல் 100 கிலோவுக்கு 50 கிலோ முழு அரிசியும் 14 கிலோ குறுணலும் தந்தது. அமைப்பின் நெல் 56 கிலோ முழு அரிசியும் 9 கிலோ குறுணலும் தந்தது.

படி 4: ஒரு கிலோ முழு அரிசிக்கு வகுங்கள்

குறுணல் விற்று வருகிற காசைச் செலவில் கழியுங்கள். கிலோ 100 ரூபா என்று வைப்போம்.

வியாபாரியின் நெல்லில் முழு அரிசி 4,624 கிலோ, குறுணல் 1,295 கிலோ. 11,20,000இல் 1,29,500ஐக் கழித்து 4,624 ஆல் வகுத்தால் கிலோ 214 ரூபா 20 சதம். அமைப்பின் நெல்லில் முழு அரிசி 5,544 கிலோ, குறுணல் 891 கிலோ. 12,12,700இல் 89,100ஐக் கழித்து வகுத்தால் 202 ரூபா 70 சதம்.

கிலோவுக்கு 8 ரூபா மலிவாக வந்த நெல், அரிசியாகும்போது பதினொன்றரை ரூபா கூடிவிட்டது. இந்த வித்தியாசம் பெரும்பாலும் படி 3இல் இருந்து வந்தது. அதனால்தான் குற்றிப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் புழுங்கல் போடுகிறவர் என்றால் கணக்கு வேறு. வந்த கையோடு ஊறவைத்து அவிப்பதாக இருந்தால் முதலில் காயவைக்கும் கூலி இல்லை. உள்வெடிப்பும் அவியும்போது பெரிதும் ஒட்டிக்கொள்ளும், குறுணல் வித்தியாசம் சுருங்கும். ஈரத்துக்கும் கல்லுக்கும் கொடுத்த காசு மட்டும் அப்படியே நிற்கும். சோதனைக்கான 100 கிலோவையும் அவித்தே குற்றிப் பாருங்கள். அங்கே மலிந்த நெல் வெல்வதும் உண்டு.

படி 5: கணக்கோடு பேரம் பேசுங்கள்

இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் வியாபாரியின் நெல் என்ன விலைக்கு வந்தால் சமம் என்று தெரியும். நம் உதாரணத்தில் அது சுமார் 104 ரூபா 70 சதம். "குறைச்சுத் தாங்கோ அண்ணை" என்று பொதுவாகக் கேட்பதற்கும், ஈரமும் குற்றின விபரமும் எழுதிய தாளைக் காட்டி 104.70 கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அவர் இறங்காவிட்டால், அடுத்த லொறிக்கு ஈர வீதப்படி விலை என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்: 14க்கு இந்த விலை, அதற்கு மேலே ஒவ்வொரு வீதத்துக்கும் இவ்வளவு குறைப்பு என்று.

அமைப்பிடம் எத்தனை தொன் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். பங்குனியோடு அவர்கள் களஞ்சியம் காலியாகிவிடும் என்றால் வைகாசியில் ஆலை ஓட வியாபாரி வேண்டும். அவரை இப்போதே முற்றாக விலக்கிவிட்டால் அப்போது அவர் சொல்வதுதான் விலை. மூன்றில் இரண்டு பங்கை அமைப்பிடமும் மீதியை ஈர வீத விலைக்கு வியாபாரியிடமும் வாங்குவது பல ஆலைகளுக்குப் பொருந்தும்.