தற்குறி என்ற சொல்லில் ஒளிந்திருக்கும் தவறு

கையெழுத்திடத் தெரியாதவர் பத்திரத்தில் இடும் குறியைத் தற்குறி என்கிறோம். எழுத்தறியாதவரையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். பழங்காலப் பெண் ஒருவரின் கல்வியைத் தேடுபவர்கள் மிகுதியாகச் சறுக்குவது இங்கேதான்: குறி இட்டிருந்தால் படிக்கவே தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இன்று நாம் படிக்கவும் எழுதவும் சேர்த்தே கற்கிறோம். ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அப்படி இல்லை. முதலில் அச்செழுத்தைப் படிக்கப் பழக்குவார்கள். எழுத்து அதன் பிறகு, தனிப் பயிற்சியாக வரும். பெண் பிள்ளைகள் பலரின் படிப்பு முதல் கட்டத்தோடு நின்றது. ஸ்வீடனில் 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்துக்குப் பிறகு பாதிரியார்கள் வீட்டாரின் வாசிப்பைச் சோதித்துப் பதிவேட்டில் குறித்தார்கள். எழுதத் தெரியாத, ஆனால் நன்றாக வாசித்த பெண்கள் அங்கே ஏராளம்.

ஷேக்ஸ்பியரின் இரண்டு மகள்களை எடுத்துக்கொள்வோம். இளையவர் ஜூடித் 1611இல் ஒரு பத்திரத்தில் சாட்சியாகக் குறி இட்டார். அவருக்கு எழுதும் பழக்கம் இல்லை என்பதற்கு இது வலுவான சான்று. வாசித்தாரா என்ற கேள்விக்கு இதில் விடை கிடையாது. மூத்தவர் சூசன்னா கையெழுத்திட்ட பத்திரம் எஞ்சியிருக்கிறது. அதை வைத்து அவர் நன்கு கற்றவர் என்று சொன்னால் அதுவும் தவறே. தன் பெயரை மட்டும் எழுதப் பழகியவர்களும் இருந்தார்கள்.

சூசன்னாவின் கணவர் மருத்துவர். அவர் இறந்த பின் ஜேம்ஸ் குக் என்ற மருத்துவர் அந்த வீட்டுக்கு வந்து, அங்கிருந்த கையெழுத்து நூல்களில் சில கணவருடைய கையெழுத்தே என்றார். சூசன்னா மறுத்தார். கணவரின் கையெழுத்தையே அடையாளம் காணவில்லை என்பதைக் கொண்டு அவருக்குப் படிக்கத் தெரியாது என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் அந்த நூல்களில் இருந்த கணவரின் குறிப்புகள் சுருக்கெழுத்துகள் நிறைந்த லத்தீனில் இருந்தன. லத்தீன் தெரியாமை வேறு, தாய்மொழியை வாசிக்கத் தெரியாமை வேறு. குக்கின் சாட்சியம் முதலாவதைத் தாண்டிப் போகாது என்பதே என் கருத்து.

கடிதங்களும் இப்படியே ஏமாற்றும். 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் வாழ்ந்த மார்கரெட் பாஸ்டன் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் உள்ளன. அவை பலருடைய கையெழுத்தில் இருக்கின்றன. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியவை. அச்சிட்ட பதிப்பை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. மூலத்தின் நிழற்படத்தைப் பார்த்து, உடல்பகுதியும் கையொப்பமும் ஒரே கையா, அடுத்த ஆண்டுக் கடிதத்திலும் அதே கை தொடர்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

பள்ளிப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதையும் சான்றாகக் கொள்ளக்கூடாது. ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் இலக்கணப் பள்ளி அன்று ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பெண்ணின் படிப்பைத் தேட வேண்டிய இடம் குடும்பக் கணக்குப் புத்தகத்தில் ஆசிரியருக்குக் கொடுத்த கூலி, உயிலில் மகளுக்கு விட்டுச்சென்ற நூல், பிரார்த்தனைப் புத்தகத்தின் ஓரத்தில் அவளே எழுதிய பெயர் ஆகியவைதான்.