முட்டிக்கு நடை, எடைக்குத் தட்டு: மூட்டுத் தேய்மானத்தில் நாம் மாற்றிச் செய்யும் தவறுகள்

போன ஆடி மாதம் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் இயன்முறை சிகிச்சைக்கு வந்தார். வயது 61. சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். உயரம் 152 செ.மீ., எடை 74 கிலோ. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது பக்கம் கொஞ்சம் அதிகம். எடையைக் குறையுங்கள், நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுச் சித்திரையிலிருந்து தினமும் விடியற்காலையில் ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் நடந்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தால் அதே 74. முட்டி மட்டும் வீங்கியிருந்தது.

“நடை நமக்கு ஒத்துக்கல தம்பி, நிறுத்திட்டேன்” என்றார்.

அவர் சோம்பேறி இல்லை, சொன்னதைச் செய்தவர். டாக்டர் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு காரியங்களை அவர் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். நடந்தால் எடை குறையும், எடை குறைந்தால் வலி போகும் என்பது அவர் கணக்கு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இதே கணக்கோடுதான் வருகிறார்கள்.

அவரோடு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. அவர் எடையில், அவர் வேகத்தில், ஒரு மணி நேர நடைக்குச் செலவாவது 200 கலோரிக்குப் பக்கம். அதிலும் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே செலவாகக்கூடியதைக் கழித்தால் மிச்சம் பாதியோ பாதிக்குச் சற்று மேலோதான். நடந்து முடித்துக் கரையோர டீக்கடையில் ஒரு மெதுவடை, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு காபி. நடந்ததெல்லாம் அங்கேயே கழிந்துவிட்டது.

2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முட்டித் தேய்மானமும் அதிக எடையும் உள்ள 454 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து 18 மாதம் கவனித்தார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சராசரியாக 2 கிலோகூடக் குறையவில்லை. உணவை மட்டும் குறைத்தவர்களுக்கு ஏறக்குறைய 9 கிலோ குறைந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குப் பத்தரைக் கிலோ குறைந்தது, வலியும் ஏறக்குறைய பாதியானது. எடையைக் கரைப்பது தட்டு. நடை முட்டிக்காக. இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டக்கூடாது.

எடை எவ்வளவு குறைந்தால் முட்டிக்குத் தெரியும்? உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முட்டியில் இறங்கும் பாரம் 4 கிலோ குறைகிறது. அந்த அம்மாவுக்கு 7 கிலோ இறங்கினால் அடிக்கு 28 கிலோ குறையும். ஏறக்குறைய ஒரு பெரிய அரிசி மூட்டை.

சோற்றை வைத்துக்கொண்டு பருப்பைக் குறைப்பது

சரி, தட்டைப் பார்ப்போம் என்று கேட்டேன். “ரொம்பக் குறைச்சிட்டேன் தம்பி, பருப்பே சேர்க்கிறதில்ல, எல்லாம் வாயு” என்றார். கொண்டைக்கடலை இல்லை, தட்டைப்பயறு இல்லை, சாம்பாரில் தெளிவு மட்டும். யாரோ முட்டை சூடு என்று சொன்னதால் அதையும் விட்டிருந்தார். மத்தியானம் பொன்னி அரிசிச் சோறு மட்டும் பழைய அளவில். மருமகளை விட்டு நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு வேளைக்கு 400 கிராம் இருந்தது. சமைத்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி என்றால் அதுவே 520.

டெல்டாவில் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு இதுதான். பருப்பும் பயறும் உண்டாக்கும் வாயு குடலில் உண்டாவது. அது குடலை விட்டு முட்டிக்குப் போய் உட்காராது. வயிறு உப்புகிறது என்றால் பயறை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாக வேகவைத்துப் பெருங்காயம் சேர்த்துச் சாப்பிடலாம், கொஞ்சமாக ஆரம்பித்துக் கூட்டலாம். அதை விட்டுப் புரதத்தையே கைவிட்டால் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். முன்தொடைத் தசைதான் முட்டியைத் தாங்குவது. அது மெலிந்தால் தராசில் எண் குறைந்தும் படியேற முடியாது.

யூரிக் அமிலம் என்று சொல்லிப் பருப்பை நிறுத்துகிறவர்களும் உண்டு. அது வேறு நோய். பெரும்பாலும் கால் கட்டைவிரல் திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். அந்த நோயிலும் ஈரல் போன்ற உள்ளுறுப்புக் கறியும் மதுவும்தான் முதலில் நிறுத்த வேண்டியவை, துவரம்பருப்பு இல்லை.

நாங்கள் மாற்றியது நான்கே விஷயம். மத்தியானச் சோறு 200 கிராம். தட்டில் காலியான இடத்தில் வாழைத்தண்டோ கீரையோ அவரைக்காயோ இரண்டு பங்கு, கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம். டீக்கடை வடை வாரத்துக்கு ஒன்று. காபியை நிறுத்தச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் அதைச் சொன்னால் மறுபடி வரமாட்டார்கள். மூன்று காபிக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை இருந்ததை இரண்டாக்கினோம். நான்காவது எண்ணெய். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று வீட்டுக்கே அளந்து வைத்தார்கள். மொத்தத்தில் ஒரு நாளைக்கு 500 கலோரி மிச்சம். ஆரம்பத்தில் மாதம் ஒன்றரையிலிருந்து 2 கிலோ குறைய இது போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து படபடப்பும் மயக்கமும் வரலாம். மருந்தளவை டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்னும் அப்படியே.

வீங்கும் வரை நடப்பது, அப்புறம் படுத்தே கிடப்பது

முட்டியின் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுந்தி விடும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது, பஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீரை இழுப்பதுபோல. அதனால் அசைவே இல்லாமல் இருப்பது அதற்குப் பட்டினி. ஆனால் முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்தால், பழக்கமில்லாத தசை சீக்கிரம் சோர்ந்து, மீதிப் பாரமெல்லாம் மூட்டின் மேல் விழும்.

அந்த அம்மாவுக்குக் காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் என்று தொடங்கினோம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். வரப்பிலும் ஆற்றங்கரை மேட்டிலும் வேண்டாம், சமமான தார்ச்சாலை, காலைப் பிடித்துக்கொள்ளும் வார் வைத்த செருப்பு. கோயில் பிரகாரத்தில் சுற்றலாமே என்றார். தரை சமமாக இருப்பதால் நல்ல இடம்தான், ஆனால் வெறுங்காலில் கருங்கல்மேல் நடக்க வேண்டும். பாதம் மரத்துப்போன சர்க்கரைக்காரர்களுக்கு, அதுவும் வெயில் ஏறிய பிறகு, நான் சம்மதிப்பதில்லை.

கூட்டலாமா குறைக்கலாமா என்பதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நடக்கும்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை. நடந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்பைவிடக் கூடியிருந்தாலோ, மறுநாள் காலை முட்டி வீங்கியிருந்தாலோ நேற்றைய நடை அதிகம். அடுத்த நாள் அதில் பாதி. ஒரு வாரம் தொந்தரவில்லை என்றால் ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம். இதோடு நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணி இறக்குவது, ஒரு காலுக்குப் பத்து முறை. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்கிற வேலை.

தடி பிடிக்க வெட்கப்படுவார்கள். பிடிக்கிறவர்களும் வலிக்கும் கால் பக்கமே பிடிப்பார்கள். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில். இன்னொன்று, ராத்திரி முட்டிக்கடியில் தலையணை. சுகமாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் வைத்தால் முட்டி மடங்கியே இறுகி, கால் நேராக நீளாமல் போகும். அப்படி இறுகியதைப் பிரித்தெடுக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

மூட்டுக்கென்று ஒரு சாப்பாடு

ஆட்டுக்கால் சூப்பை எல்லாரும் கேட்பார்கள். அதிலுள்ள கொலாஜன் வயிற்றில் மற்றப் புரதம்போலவே துண்டு துண்டாகச் செரிக்கிறது, நேரே முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. ருசிக்குக் குடிக்கலாம், மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு. பிரண்டைத் துவையலும் அப்படியே. நன்றாக வதக்கினால் நல்ல துவையல், தேய்ந்ததை வளர்க்கும் மருந்தல்ல. சமையலுக்குப் போடும் மஞ்சளில் உள்ள குர்க்குமின், ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அதற்காக மாத்திரையாக வாங்கி விழுங்குவதென்றால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. குளுக்கோசமைன் மாத்திரையை 2006இல் அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தபோது, மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தி. விலை குறைவு, புரதம் உண்டு, அழற்சியைத் தணிக்க உதவக்கூடிய ஒமேகா 3 கொழுப்பு உண்டு. குழம்பாக வைத்தால் பலன், எண்ணெயில் முக்கிப் பொரித்தால் கணக்கு மாறிவிடும்.

நான் பயப்படுவது சாப்பாட்டுக்கு இல்லை, பெயரில்லாத பொட்டலங்களுக்கு. தின்ற மூன்றாம் நாளே வலி மாயமாகி, பசி கூடி, முகம் உப்பினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்போதும் தானாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது, பொட்டலத்தோடு டாக்டரிடம் போக வேண்டும். காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக வீங்கினாலும், முட்டி பூட்டிக்கொண்டாலும், கெண்டைக்கால் திடீரென்று வீங்கினாலும் அன்றைக்கே போய்விட வேண்டும்.

அந்த அம்மா கார்த்திகை முடியும்போது 68 கிலோவுக்கு வந்திருந்தார். வேளைக்கு 25 நிமிட நடை, மாடிப்படியில் கைப்பிடியை லேசாகத் தொட்டால் போதும். மார்கழியில் எடை நகரவில்லை. உடம்பு இளைத்தால் அதன் செலவும் குறையும், கொஞ்சம் மெதுவாவது இயல்பு. ஆனால் ஒரு மாதம் முழுக்க அசையாமல் நின்றது எனக்கு இடித்தது. காலைச் சாப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் வெளியே வந்தது: தினமும் விடியலில் கோயிலில் நெய் சொட்டும் வெண்பொங்கல் ஒரு தொன்னை, வீட்டுக்கு வந்து வழக்கமான இட்லி.

“அது பிரசாதம் தம்பி, அதையுமா கணக்கில் எழுதணும்?”

எழுத வேண்டாம், பொங்கல் சாப்பிட்ட அன்று இட்லியை விட்டுவிடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அன்றைக்குக் காபி உண்டுதானே என்று கேட்டுக்கொண்டுதான் எழுந்தார்.