கிலோமீற்றர் கணக்கில் ஓட்டை: ஹட்டனிலிருந்து திருகோணமலைக்கு

போன வாரம் பக்கத்து லயத்துத் தம்பி ஒரு கொப்பித் தாளோடு வந்தான். ஆகஸ்ட் லீவுக்குக் குடும்பத்தோடு திருகோணமலை, மூன்று நாள், இரண்டு இரவு. "அண்ணே, வேனுக்கு ஐம்பதாயிரம் போதும்" என்றான். முன்பு நான் அங்கே போனபோது எழுதிய செலவுத் தாளிலும் இதே மாதிரிதான் ஒரு கணக்கு இருந்தது.

வேன் கணக்கு

அவன் கணக்கு நேரானதுதான். போக 250, வர 250, கிலோமீற்றருக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 50,000. ஆனால் வேன்காரர் வரைபடத்தைப் பார்த்துக் காசு வாங்குவதில்லை, மீற்றரைப் பார்த்து வாங்குகிறார். மீற்றர் பெரும்பாலும் அவர் வீட்டு வாசலிலிருந்தே ஓடத் தொடங்கும். வேன் 20 கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது என்றால், வரப் போக 40 உங்கள் தலையில். அப்புறம் அங்கே போய்ச் சும்மா இருப்போமா? நிலாவெளி, கன்னியா வெந்நீர் ஊற்று, கோணேசர் கோயில், இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு ஓட்டம் என்று 90 சேரும். மொத்தம் 630, அதாவது 63,000. சாரதிக்கு இரவுக்கு 2,500 பட்டா என்றால் இன்னும் 5,000. ஆக 68,000.

நான் போனபோது இந்த வித்தியாசம் கடைசி நாள் வாசலில்தான் தெரிந்தது. ஏசி போட்டதற்குத் தனிக் காசு என்றும் அப்போதுதான் சொன்னார். பிள்ளைகள் தூங்கி வழிய, நான் மச்சானிடம் கடன் கேட்டு நின்றேன். இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. வேன்காரர் மேல் இல்லை, கேட்காமல் ஏறிய என் மேல்.

அதனால் முற்பணம் கொடுக்குமுன் நான்கைக் கேளுங்கள்: மீற்றர் எங்கிருந்து தொடங்குகிறது, ஏசிக்குத் தனிக் கணக்கா, சாரதியின் தங்கலும் சாப்பாடும் யார் பொறுப்பு, ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீற்றருக்குக் காசு. ஏறும்போது மீற்றரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தயக்கமாக இருந்தால் பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள்.

அறை

ஆகஸ்ட் கிழக்குக் கடற்கரையின் சீசன். மே மாதமே பேசிவிடுங்கள். சொல்லும் விலை வரியோடா என்று கேளுங்கள். பெரிய ஹோட்டலில் 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் ஏறினால் 20,000 ரூபாய் அறை 26,000ஐ நெருங்கும்.

சாப்பாடு

போகும் நாள் பகல் சோறு வீட்டிலிருந்து.

திடீர்ச் செலவு

பத்து வீதம் ஒதுக்கு என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள் கூடுதலாக நின்றால் அறை, சாப்பாடு, சாரதியின் இன்னொரு இரவு எல்லாம் வரும். வேன் அசையாமல் நின்றாலும் அந்த நாளின் குறைந்தபட்சக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். அதுவே 100 கிலோமீற்றர் என்றால் 10,000. ஆகவே ஒரு முழு நாள் செலவைக் கூட்டி, தனி உறையில் வைக்கிறேன். சீட்டுக் காசை இதற்கு நம்புவதாக இருந்தால், உங்கள் முறை ஜூலைக்குள் வருமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். தம்பியின் முறை செப்டம்பரில்.