கருமாதிப் பந்தலில் சொத்துப் பேச்சு: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேவிபட்டினம் பக்கத்துக் கடலோர ஊர்களில், பதினாறாம் நாள் கருமாதியன்றுதான் பங்காளிகள், சம்பந்திகள், கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் ஒரே பந்தலில் இருப்பார்கள். “எல்லாரும் இருக்கும்போதே பேசி முடிச்சிருவோம்” என்று யாராவது ஆரம்பிப்பதும் அன்றைக்குத்தான். அதற்கு முன்னால், சொத்துப் பேச்சை வேறொரு நாளைக்குத் தள்ளிவைக்கச் சொல்லி வீட்டுப் பெரியவர் இரண்டு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. ஆனால் சொல்கிற விதத்தில் பிழை வந்தால் அந்த இரண்டு வார்த்தையே வம்பாகிவிடும்.

பெரிய தவறு, “சொத்தை அப்புறம் பேசிக்கலாம்” என்று மொட்டையாக முடிப்பது. எப்போது, யார் வீட்டில், யார் யார் முன்னிலையில் என்று சொல்லாவிட்டால், தன்னை விட்டுவிட்டுப் பேசிவிடுவார்களோ என்று ஒவ்வொருவருக்கும் சந்தேகம் வரும்.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். இறந்தவருக்கு ஒரு நாட்டுப்படகு, ஒரு வீடு, கொஞ்சம் பனங்காடு. மனைவி, இரண்டு மகன்கள், கட்டிக்கொடுத்த ஒரு மகள். சின்ன மகன் துபாயிலிருந்து வந்திருக்கிறார், லீவு முடியப் போகிறது. அவசரம் அவருடையது. பெரியவர் அதைத் தெரியாதது போல இருந்துவிட்டால் பேச்சு எடுபடாது. இப்படிச் சொல்லலாம்:

“முப்பது கும்பிட்ட மறுநாள் காலையில இதே வீட்ல உக்காருவோம். தம்பி போன்ல வரட்டும், அவன் இல்லாம முடிவில்ல. அதுவரைக்கும் யாரும் எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போட வேண்டாம். பத்திரமும் சாவியும் ஆத்தாகிட்டயே இருக்கட்டும்.”

அடுத்த தவறு, எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளிப்போடுவது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணமும் அலைச்சலும்தான். இறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழுக்கு மனுப் போட முடியும். படகும் கரையில் கிடக்க முடியாது. “பெரியவன் ஓட்டட்டும், கூலியும் எண்ணெய்ச் செலவும் போக மிச்சம் ஆத்தா கையில, கணக்கு நோட்டுல” என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், படகை ஓட்டுகிறவருக்கே படகு என்ற எண்ணம் ஒரு மாதத்தில் வேர் விட்டுவிடும்.

மூன்றாவது, சமாதானம் செய்கிறேன் என்று தீர்ப்புச் சொல்வது. “பொம்பளப் புள்ளைக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு” என்ற ஒரு வரி போதும், தள்ளிவைத்த பேச்சு பந்தலிலேயே ஆரம்பித்துவிடும். உயில் இல்லாமல் இறந்த இந்துவின் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு; இறந்தவரைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. நகைக்கும் சீருக்கும் அது கழிந்துபோவதில்லை. இதை எடுத்துச் சொல்லவும் அன்றைக்கு இடமில்லை. யார் பெயரையும் பங்கையும் தொடாமல் விடுவதே சரி.

பேசும் நேரம் பந்திக்கு முன்னால் இருக்கட்டும். சாப்பிட்டபின் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். பெரியவர் என்ன சொன்னார் என்பது ஆளுக்கொரு விதமாக ஊர் போய்ச் சேரும்.