ஸ்கேன் செய்த ஏட்டில் விடுபட்ட பக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிக் கோயில்களை நிர்வகிக்கும் வண்ணக்கர் சபைகளிடம் இருக்கும் பழைய தீர்மானப் புத்தகங்களையும் கணக்கேடுகளையும் ஸ்கேன் செய்து பாதுகாக்க முனைவோர், படத்தின் தெளிவைப் பற்றியே பெரிதும் கவலைப்படுகிறார்கள். 1978 நவம்பர்ச் சூறாவளியில் நனைந்து காய்ந்த ஓர் ஏட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து, ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்களை ஒரே தாளென்று எண்ணிப் புரட்டிவிடுவதுதான். மாரிகால ஈரத்தில் வேலை செய்தால் இது இன்னும் எளிதாக நிகழும்.

முதல் தவறு, எத்தனை படங்கள் வரவேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்ளாமல் தொடங்குவது. ஓர் ஏட்டில் கடைசிப் பக்க எண் 412 என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் 209-க்குப் பின் 220 என்று தாவியிருக்கிறார். ஆகவே எண்ணிட்ட பக்கங்கள் 402 மட்டுமே. இரண்டு அட்டைகள், முன்பகுதியில் எண்ணிடப்படாத நான்கு பக்கங்கள், ஒட்டுச்சீட்டு உள்ள மூன்று பக்கங்களைச் சீட்டைத் தூக்கிப் பிடித்து மறுபடி எடுக்கும் மூன்று படங்கள் ஆகியவற்றைச் சேர்த்தால் 411 வரவேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி வைத்த பிறகே ஸ்கேனரைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது, கோப்பின் பெயரில் ஏட்டின் பக்க எண்ணை இடுவது. எண் தாவினாலோ, ஒரே எண் இருமுறை வந்தாலோ அந்த முறை குலைந்துவிடும். பட வரிசை எண்ணையே நான்கு இலக்கமாக இட வேண்டும்: `TP03_0001.tif`. பக்க எண் தனியான அட்டவணையில் இருக்கட்டும். முன்னால் பூச்சியம் இடாவிட்டால் 1-க்குப் பின் 10 வந்து நிற்கும். விண்டோஸ் கோப்புறையில் வரிசை சரியாகத் தெரிவதால் பலர் இதைக் கவனிப்பதில்லை, வேறு மென்பொருளில் திறக்கும்போதுதான் குழப்பம் வெளிப்படும். பாமினி எழுத்துருவை நினைத்துக்கொண்டு கோப்புகளுக்குப் பெயர் தட்டச்சு செய்வதையும் விட்டுவிடுவது நல்லது. திரையில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே நிற்கும்.

மூன்றாவதுதான் மிக நுட்பமானது: மாதிரிச் சோதனை விடுபட்ட பக்கத்தையும் காட்டிக்கொடுக்கும் என்று நம்புவது. கோப்புறையிலிருந்து நாற்பது படங்களை எடுத்துப் பார்த்து நாற்பதும் நன்றாக இருந்தாலும், எடுக்கப்படாத பக்கம் அந்தக் குவியலிலேயே இல்லை. எத்தனை மாதிரி எடுத்தாலும் அது கைக்கு வராது. அதை எண்ணிக்கை மட்டுமே காட்டும். படங்கள் உள்ள கோப்புறையில் விண்டோஸின் பவர்ஷெல் கட்டளைச் சாளரத்தைத் திறந்தால் இது ஒரு வரி:

```
(Get-ChildItem *.tif).Count
```

விடை 409 என்றால் இரண்டு படங்கள் குறைகின்றன. நமது ஏட்டில் முதல் ஐந்து படங்கள் அட்டையும் எண்ணிடாத பக்கங்களும் என்பதால், 209ஆம் பக்கம் வரை பட எண்ணில் ஐந்தைக் கழித்தால் பக்க எண் வரவேண்டும். ஒட்டுச்சீட்டுகளும் அதற்குப் பின்னால்தான் உள்ளன. 0100ஆம் படத்தில் 95ஆம் பக்கம் சரியாக இருக்கிறது. 0150இல் 145 இருக்க வேண்டிய இடத்தில் 147 நிற்கிறது. நடுவே 0125ஐத் திறந்தால் 120, அதாவது சரி. இப்படிப் பாதி பாதியாக நெருக்கினால் 0138இல் 133ஆம் பக்கமும் 0139இல் 136ஆம் பக்கமும் இருப்பது தெரிந்துவிடும். 134, 135 ஆகியவை ஒட்டிய தாள்களுக்குள் அகப்பட்டுக்கொண்டன.

கோப்புகள் இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்றால், விடுபட்டவற்றை எடுத்துச் சேர்த்து முழுத் தொகுதிக்கும் மென்பொருளால் புதிதாக எண்ணிடலாம். ஏற்கெனவே பகிரப்பட்டிருந்தால் பெயர்களைத் தொடக்கூடாது. `TP03_0138a.tif`, `TP03_0138b.tif` என்று இடையில் சேர்ப்பதே பாதுகாப்பு. கையால் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றுவது புதிய பிழைக்கு அழைப்பு.

மாதிரிச் சோதனைக்குரிய வேலை வேறு. நானூறு படங்களில் நான்கு பழுதாக இருந்தால், எழுந்தமானமாக எடுக்கும் இருபது மாதிரியில் அவற்றில் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ பத்துக்கு எட்டு. அதனால் தனிப்பட்ட பழுதுகளைப் பிடிக்க மாதிரி போதாது. தொடர்ச்சியாக வரும் பழுதுகளைத்தான் அது பிடிக்கும். கண்ணாடியில் பட்ட விரல் கறையும், மாறிப்போன ஸ்கேனர் அமைப்பும் இடைவேளைக்குப் பின் தொடங்கி வரிசையாகப் படங்களைக் கெடுக்கும். ஆகவே ஒவ்வோர் அமர்வின் தொடக்கம், முடிவு, இடைவேளைக்குப் பிந்திய முதற்படம் ஆகியவற்றைக் கட்டாயம் எடுத்து, மற்றவற்றை எழுந்தமானமாகச் சேர்க்க வேண்டும்.

பார்ப்பதும் சிறுபடமாக அல்ல, நூறு வீத அளவில். தமிழ் எழுத்துக்கு நம்பகமான சோதனை புள்ளிதான்: கறுப்பு வெள்ளையாக எடுத்த படத்தில் மங்கிய மையின் புள்ளி மறைந்து ‘க்’ ‘க’வாகிவிடும், பூஞ்சைப் பொட்டோ இல்லாத இடத்தில் புள்ளியாகத் தோன்றும். அதனால் 300 டிபிஐயில் வண்ணமாக எடுப்பதே நல்லது. தையலோர எழுத்துகளையும், தானியங்கி வெட்டு விழுங்கிவிடக்கூடிய ஓரக் கையொப்பங்களையும் அதே பார்வையில் கவனிக்க வேண்டும்.

மாதிரியாக எடுத்த படம் ஒன்று பழுதாக இருந்தால் பலர் அந்தப் படத்தை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த அமர்வில் எடுத்த எல்லாப் படங்களையும் முழுமையாகப் பார்த்து, பழுது எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று அட்டவணையில் குறித்த பிறகே ஏட்டை வண்ணக்கரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.